சட்டி ஏறாத தீபாவளி

ஏகாம்பரத்தின் காரியம் முடிந்த அன்று, பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

"தலைத் திவசம் முடியற வரைக்கும் இந்த வூட்டுக்கும் பங்காளிங்களுக்கும் பண்டிகை கெடையாது. எண்ணெ சட்டி வெக்கக் கூடாது. புதுத் துணி கூடாது. மலைக் கோயில் ஏறக் கூடாது."

கேட்டதும் அங்காளம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் ரெண்டும் குலுங்கியது. பக்கத்தில் இருந்த பொம்பளைகள் "அழாதக்கா, அழாத" என்று முதுகைத் தடவினார்கள். அழ வேண்டியதையெல்லாம் அவள் ஏற்கெனவே அழுதுவிட்டாள். இப்போது வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல், விக்கல் மாதிரி, வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதாம்! இதைச் சொல்ல ஒரு மனுஷன் சாக வேண்டியிருந்ததா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

முடிச்சூரில் வயலெல்லாம் மனையாகாத காலத்தில் படப்பைப் பக்கத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தான் ஏகாம்பரம். தாம்பரம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, கை நீட்டினதும் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு. தீபாவளி வந்தால் ஊருக்கே பலகாரம் கொடுக்க வேண்டும். டிப்போவுக்கு ஒரு டின், தெருவுக்கு ஒரு டின், தம்பி வீட்டுக்கு ஒரு டின், கல்யாணம் ஆகிப் போன நாத்தனார்களுக்கு ஆளுக்கொன்று. பக்கத்து வீட்டு மைதீன் பிச்சைக்குத் தனியாகத் தூக்குச் சட்டியில். "எங்க வூட்ல செஞ்சது" என்று மீசையைத் தடவிக்கொண்டு கொடுப்பான். செய்தது யாரென்று அவன் சொன்னதும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

முறுக்கு, அதிரசம், சோமாசி, தட்டை. மத்தியானம் சட்டி முன்னால் நின்றாளானால் மறுநாள் ஊர் எழுந்து பட்டாசு கொளுத்தும்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள். ஹாலிலிருந்து குரல் மட்டும் வரும். "அங்காளம், இன்னும் ரெண்டு ஈடு போட்டுடு." அந்த ரெண்டு ஈடு ஒரு நாளும் ரெண்டு ஈடாக இருந்ததில்லை. புஸ்வாணம் எப்படிப் பூக்கும் என்பதை அவள் காதால்தான் கேட்டிருக்கிறாள். புதுப் புடவை பொட்டலம் பிரியாமல் மத்தியானம் வரை கட்டிலில் கிடக்கும்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் கட்டில் போனது, டிவி போனது, பீரோ மிதந்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போனது. தண்ணீர் வடிந்ததும் ஏகாம்பரம் அடுப்படிச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, "கெடச்சுட்சு!" என்று கத்தினான். தூக்கிக் காட்டினால், இரும்பு எண்ணெய்ச் சட்டி. அன்றைக்கு அவள் அழுததுதான் நிஜமான அழுகை.

அந்தச் சட்டிதான் இந்த வருஷம் பரண் மேலே கவிழ்ந்து கிடந்தது. புரட்டாசி சனிக்கிழமைக்குத் திருநீர்மலைப் படியேற அவளை இழுத்துக்கொண்டு போகவும் ஆள் இல்லை. மலை ஏறக் கூடாது என்று சாஸ்திரமே சொல்லிவிட்டது. சாஸ்திரத்துக்கு முழங்கால் வலி தெரிந்திருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மகாளய அமாவாசை கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மகன் முகிலன் செல்போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. நாற்பது வயதாகியும் கல்யாணம் வேண்டாமென்று தப்பித்துக்கொண்டு திரிபவன். இந்த வருஷம் எவனும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான் என்பதில் அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அம்மாவும் பிள்ளையும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

"அம்மா, பண்டிகை இல்லன்னு மெசேஜ் போடணும். இப்பவே போட்டாதான் சரி. சித்தப்பா வீட்ல துணி எடுத்துடப் போறாங்க."

"ஆமா. மொதல்ல பங்காளிங்களுக்குப் போடு. நம்மளோட அவங்களுக்கும்தான் இல்ல. அப்புறம் எங்க அண்ணன் வூட்டுக்கு. இல்லன்னா தீவாளி சீருன்னு புடவ தூக்கினு வந்து நின்னுடுவான். வாங்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. அவனுக்கும் மூஞ்சி வாடும். அப்புறம் உங்க அத்தைங்க."

"அத்தைங்களுக்கும் பண்டிகை இல்லையா?"

"அவளுங்களுக்கு இன்னா? கட்டிக் குடுத்தாச்சு, வேற வூட்டு ஆளுங்க. தீட்டே அவளுங்களுக்கு மூணு நாள்தான். நல்லா எண்ணெ தேய்ச்சு முழுவட்டும். நமக்கு இல்லன்னு தெரிஞ்சிக்கட்டும், அவ்ளோதான்."

முகிலன் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதிவிட்டு, வாசித்துக் காட்டினான். எழுத்து தெரியாதவளுக்குக் காதுதான் கண்.

"எங்கள் தந்தையார் திரு. ஏகாம்பரம் அவர்களின் மறைவையொட்டி, இவ்வாண்டு நாங்களும் எங்கள் பங்காளிகளும் தீபாவளி கொண்டாடுவதில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

"சரி. ஆபீசு தபால் மாதிரி கீது. போவட்டும்."

"வாழ்த்துகளையும் இனிப்பு, பலகாரங்களையும் அன்புடன் தவிர்க்கவும்."

அங்காளம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாடா சொன்ன? இன்னொரு வாட்டி படி."

படித்தான்.

"டேய், மூள கீதா உனுக்கு? வாழ்த்து வேணாம், சரி. பலகாரத்த எதுக்குடா தவிர்க்கணும்? நம்ம வூட்ல சட்டி ஏறக் கூடாதுன்னுதான் மத்தவன் வூட்லேர்ந்து வரும்! துக்க வூட்டுக்குப் பலகாரம் குடுக்கறது எத்தினி காலத்து வழக்கம்! அந்த மனுசன் அந்தக் காலத்துலேர்ந்து ஊருக்கே குடுத்தாரு. அதெல்லாம் திரும்பி வர்ற ஒரே வருசம் இது. அதையும் அடச்சுட்டியே, கஸ்மாலம்!"

"அம்மா, கேட்டு வாங்கற மாதிரி இருக்கும்மா. அசிங்கமா இருக்காது?"

"எல்லாருக்கும் போயிடுச்சா?"

"குரூப்ல போட்டுட்டேன்."

"அழி!"

அவன் அழித்தான். அதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். கடைசி வரியை எடுத்துவிட்டு மறுபடி போட்டான். அங்காளம்மாளுக்கு ஆறவில்லை. எழுத்து எப்படியும் அவன் பேச்சு. குரலை அனுப்பலாமாமே, அதை அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவன் அமுக்கினான். அவள் போனை வெற்றிலைப் பெட்டி மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அல்லாருக்கும் அங்காளம்மா பேசறேன். முகிலன் எழ்துனது உங்களுக்குப் புரிஞ்சுதோ இல்லியோ. அவரு பூட்டாரு, அதனால நம்ம வூட்ல இந்த வருசம் சட்டி ஏறாது. முறுக்கு கெடையாது, அதிரசம் கெடையாது, சோமாசி கெடையாது. யாரும் டின்னத் தூக்கினு வராதீங்க. துக்க வூடு, அதனால வான்னு கூப்புட மாட்டேன். வந்தா போன்னும் சொல்ல மாட்டேன். வர்றவங்க கையால செஞ்சத எடுத்தாங்க. கடைல வாங்கனது வேணாம், அது எனுக்கே வாங்கத் தெரியும். உப்பு பாத்துப் போடுங்க. வெச்சிடறேன்."

வைக்கத் தெரியவில்லை. "வெச்சிட்டனாடா?" என்றதும் அதில் சேர்ந்தே போயிற்று.

முகிலன் தலையில் கைவைத்துக்கொண்டான். போன் மட்டும் அன்று முழுக்க டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. கும்பிடுகிற கை, அழுகிற மூஞ்சி, பிறகு சிரித்து உருளுகிற மூஞ்சி. படப்பை அண்ணன் மட்டும் குரலிலேயே பதில் அனுப்பினான்: "தங்கச்சி, எனக்கு முறுக்கு புழியத் தெரியாதும்மா. வேற இன்னா எடுத்தாறட்டும்?"

மறுநாள் காலையிலேயே ஷேர் ஆட்டோவிலிருந்து கிரிஜா வந்து இறங்கினாள். ஏகாம்பரத்தின் தம்பி பெண்டாட்டி, இரும்புலியூரில் வீடு. அவள் மகள் ஸ்நேகாவுக்கு வைகாசியில்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நிகில் பெங்களூர்ப் பக்கம் வேலை. அதாவது, இந்தத் தீபாவளி ஸ்நேகாவுக்குத் தலைதீபாவளி. தலைதீபாவளி பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். பெண் வீடோ இப்போது பங்காளி வீடு.

கிரிஜா உட்காரக்கூட இல்லை.

"அக்கா, அந்த மெசேஜ்ல பங்காளிகளும்னு எழுதியிருக்கே, அதை மட்டும் எடுத்துடச் சொல்லுங்களேன்."

"ஏன், நீ பங்காளி இல்லியா?"

"இருக்கோம்க்கா. ஆனா சம்பந்தி வீட்ல யாரோ ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. சம்பந்தியம்மா போன் பண்ணி, 'அப்போ தலைதீபாவளி?'ன்னு இழுக்கறாங்க. மோதிரம் எடுத்தாச்சு, பட்டு வேட்டி எடுத்தாச்சு. வாயைத் திறக்க முடியலை என்னால."

"உம் புருசன் அண்ணனுக்காக மீசைய எடுத்தானே, மறுபடி மொளச்சுட்ச்சா?"

"...இல்ல."

"மீச மொளைக்கறதுக்குள்ள உறவு அறுந்துடுமா? எடுத்துட்டா, எங்களுக்கு நீங்க பங்காளி இல்லன்னு ஊருக்குச் சொன்ன மாதிரி ஆவும். அப்புறம் நாள பின்ன நான் செத்தா யாரு வந்து நிப்பா?"

கிரிஜாவுக்குக் கண் கலங்கியது. அங்காளம்மாளுக்கு மனசு இளகியது. வாய் இளகவில்லை.

"இன்னாத்துக்கு அழற? குந்து மொதல்ல. பண்டிகை உனக்குத்தான் இல்ல. ஸ்நேகாவுக்கு இன்னா? அவ வேற வூட்டுக்குப் போன பொண்ணு. உன் வூட்டு வாசப்படில நடக்கக் கூடாது, அவ்ளோதான். உங்கண்ணன் சேலையூர்லதான கீறான்? தாய்மாமன் வூடு. அவன் நமக்குப் பங்காளியா? இல்ல. அங்க வெய்யி. மாமிக்காரி எண்ணெ வெக்கட்டும், மாமன் மோதரம் போடட்டும். நீ ஓரமா நின்னு கண்ணாரப் பாரு. சம்பந்தியம்மாகிட்ட இத அப்டியே சொல்லு. அவங்களுக்கும் தெரியும்."

கிரிஜாவின் முகத்தில் பல்ப் எரிந்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் சரி என்றான். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். "அதுவும் சரிதான்" என்று பதில் வந்தது. கிரிஜா அங்காளம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தோடு எழுந்து போயிருந்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும்.

"அக்கா, இன்னொண்ணு. பலகாரம்."

"ம்."

"எங்க அண்ணிக்கு முறுக்கு சுடத் தெரியாது. எனக்கும் தெரியாது, எல்லாத்துக்கும் இத்தன வருஷம் உங்க டின்தான். நிச்சயதார்த்தத்துலயே சம்பந்திகிட்ட, 'எங்க அக்கா கை அதிரசம் சாப்ட்டுப் பாருங்க'ன்னு பெருமையா சொல்லிட்டேன். உங்க வீட்லதானே சட்டி ஏறக் கூடாது? சேலையூர்ல ஏறலாம் இல்ல? முந்தின நாள் வந்து பின்கட்டுல செஞ்சு குடுத்துடுங்க. ஆட்டோ நான் வெச்சிடறேன்."

அங்காளம்மாளுக்குப் பரண் மேலிருந்த சட்டி மெல்ல இறங்கி வந்து மடியில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. ஆனாலும் ஸ்நேகா. தூக்கி வளர்த்த பெண். சிறுபிள்ளையாக இருந்தபோது சோமாசிக்குள் இருக்கிற பூரணத்தை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு, ஓட்டை மூடி வைத்துவிடுகிற திருடி. ஒரு நாள்தானே, போய்த் தொலையலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கிரிஜா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. விடியறதுக்கு முன்னாடி கெளம்பிடுங்க. மாப்பிள்ளைக்கு எண்ணெ வெக்கற நேரம். இன்னும் வருஷம் திரும்பலை... அவங்க பக்கத்து ஆளுங்க ஏதாவது சொல்லுவாங்க. சபைக்கு முன்னாடி நீங்க..."

நாக்கு நுனி வரை வந்த வார்த்தை அப்படியே திரும்பிப் போனது. வேறொன்று வந்தது.

"ஏண்டி கிரிஜா, நான் தாலி அறுத்தவ, முன்னாடி நின்னு தலைல எண்ணெ வெக்கக் கூடாது. பின்னாடி நின்னு சட்டில எண்ணெ ஊத்தலாம். அப்டித்தான? எண்ணெய்க்கு முன்பக்கம் பின்பக்கம் கீதா? அந்த அதிரசத்த மாப்ள தின்னும்போது மட்டும் வருசம் திரும்பிடுமா?"

"அய்யோ அக்கா, நான் அப்படிச் சொல்லலை..."

"நீ சொல்லல. நாஞ்சொல்றேன். துக்கம்னா முழுசா துக்கம். கூடாதுன்னா முழுசா கூடாது. உனக்கு வேண்டியது மட்டும் ஆவும், வேண்டாதது மட்டும் ஆவாதுன்னா அது சாஸ்திரம் இல்ல, உன் சவுகரியம். என் வூட்லயும் ஏறாது, உங்கண்ணன் வூட்லயும் நான் ஏத்த மாட்டேன். இந்த ஒரு தீவாளிக்கு நான் குந்தப் போறேன். நாற்காலி போட்டுக் குந்தப் போறேன்."

கிரிஜா விறுவிறுவென்று எழுந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். பாதித் தெரு போனபின் திரும்பி வந்து, அங்காளம்மாளின் செருப்பை விட்டுவிட்டுத் தன் செருப்பை மாட்டிக்கொண்டு, பேசாமல் மறுபடி போனாள். அங்காளம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சாயந்திரம் ஸ்நேகா போன் செய்தாள்.

"பெரிம்மா, அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். சாரி."

"நீ எதுக்குடி சாரி சொல்ற?"

"உங்க வாய்ஸ் மெசேஜை நிகிலுக்குப் போட்டுக் காட்டினேன். மூணு தடவை கேட்டான். 'கையால செஞ்சத எடுத்தாங்க'ன்னு சொன்னீங்கல்ல? நாங்களே செய்யறோம்னு சொல்றான். அதிரசம் எப்படி பெரிம்மா செய்யறது?"

"மாவ தட்டு, எண்ணெ காஞ்சா போடு, வெந்தா எடு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மீதிய அது உனுக்குச் சொல்லும். இந்த வருசம் எனுக்கு லீவு."

போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு அன்றிரவு சோறு இறங்கவில்லை. சட்டிக்கு முன்னால் நிற்காததற்காக ஒரு தவிப்பு. அந்த மனுஷன் உயிரோடு இருந்திருந்தால் சேலையூருக்கு அவரே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போயிருப்பார், ரெண்டு ஈடு என்று சொல்லிக்கொண்டே. பிடிவாதமும் அவரிடம் கற்றுக்கொண்டதுதானே? புரண்டு படுத்துக்கொண்டு, "ஏறாதுன்னா ஏறாது" என்று சுவரிடம் சொன்னாள்.

தீபாவளி விடிந்தது. அங்காளம்மாள் எண்ணெய் தேய்க்கவில்லை, பச்சைத் தண்ணீரில் குளித்தாள். வாசலில் கோலம் இல்லை. துவைத்த பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் புஸ்வாணம் வைத்தார்கள். குபுகுபுவென்று மேலே போய் விரிந்து பொலபொலவென்று உதிர்ந்தது.

"அட, இவ்ளோ உசரம் போவுமா இது!" என்று அவள் கைதட்டினாள். பிள்ளைகள் உற்சாகமாகி இன்னொன்று வைத்தார்கள். அவள் இன்னும் பலமாகக் கைதட்டினாள். தெருவில் துக்க வீடு எது என்று தெரியாத ஒருவன் அந்தப் பக்கமாகப் போயிருந்தால், இதுதான் ரொம்பச் சந்தோஷமான வீடு என்று சொல்லியிருப்பான்.

பக்கத்து வீட்டு மைதீன் பிச்சையின் பெண்டாட்டி சபீஹா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சமோசா. வாய்ஸ் மெசேஜ் எங்களுக்கும் வந்துச்சு. கையால செஞ்சது, உப்பு பாத்துட்டேன்."

"உனுக்கு யாருடி அனுப்புனா?"

"முடிச்சூர் பூராத்துக்கும் வந்துடுச்சு அக்கா. எங்க ஊட்டுக்காரர் ரிங்டோனா வெச்சுக்கலாமான்னு கேக்கறாரு."

அங்காளம்மாள் ஒரு சமோசாவைக் கடித்தாள். சுடச்சுட இருந்தது. அவள் வாழ்க்கையில் பலகாரம் என்றால் எப்போதும் மற்றவர்களுக்குச் சூடு, அவளுக்கு மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "பலே. இன்னொண்ணு குடு."

பிறகு வரிசையாக வந்தார்கள். பெரிய நாத்தனார் கொண்டு வந்த முறுக்கு கையில் எடுத்ததும் மாவாக உதிர்ந்தது.

"இத தின்றதா, பூசிக்கறதா?"

சின்ன நாத்தனார் தட்டை கொண்டு வந்தாள். ரெண்டு தட்டையைத் தட்டினால் தாளம் போடலாம் போலிருந்தது. அங்காளம்மாள் தட்டிக் காட்டினாள். சபீஹா விழுந்து விழுந்து சிரித்தாள். படப்பை அண்ணன் புடவை இல்லாமல், ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு வந்து, "இது எண்ணெ இல்லாதது, உங்க வூட்டுச் சட்டத்துக்கு ஒத்து வரும்" என்றான். டிப்போ ஆட்கள் ரெண்டு பேர் வந்து, இத்தனை வருஷம் வாங்கித் தின்ற கடனுக்கு ஆளுக்கொரு டின் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் யாரையும் "வாங்க" என்று கூப்பிடவில்லை. காப்பி கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் தின்று பார்த்து, எல்லாவற்றையும் திட்டினாள். திட்டு வாங்கியவர்கள் போகாமல் கேட்டோரமாகவே நின்று அடுத்தவன் திட்டு வாங்குவதை வேடிக்கை பார்த்தார்கள்.

சிரிப்புக்கு நடுவே அவள் கண் அடிக்கடி தெருமுனைக்குப் போய் வந்தது.

வெயில் ஏறின பிறகு ஒரு கார் வந்து நின்றது. ஸ்நேகா இறங்கினாள், புதுப் புடவை, நெற்றியில் மஞ்சள். பின்னால் நிகில், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. கடைசியாக, இறங்கலாமா வேண்டாமா என்று ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டு கிரிஜா.

"மாப்ள," என்று கிரிஜா கெஞ்சினாள், "தலைதீபாவளி அன்னைக்கே துக்க வீட்டுக்கு... நாளைக்கு வரலாமே."

"நாளைக்கு வந்தா ஆறிடும் அத்தை," என்றான் நிகில். நேராக வந்து அங்காளம்மாள் காலைத் தொட்டான். அவள் பதறிக் காலை நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"தம்பி, என் கால்ல விழாத. என்னைய ஆசீர்வாதம்லாம் கேக்கக் கூடாது, இன்னும் வருசம் திரும்பல."

"ஆசீர்வாதம் இல்ல பெரிம்மா. டேஸ்ட் பாருங்க. அது போதும்."

டப்பாவைத் திறந்தான். உள்ளே கறுப்பாக, வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

"இது இன்னாது?"

"அதிரசம்."

அங்காளம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல் இறங்கவில்லை. இந்தப் பக்கம் கடித்தாள். அந்தப் பக்கம் கடித்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். நாற்காலிக் கைப்பிடிதான் கீறல் விட்டது.

அப்புறம் அங்காளம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். காரியத்தன்று முந்தானைக்குள் அடக்கினாளே, அதே சிரிப்பு. இப்போது பொத்தவில்லை. "மாப்ள, மாப்ள, இத வெச்சு வூடு கட்டலாம்டா" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். நிகில் சிரித்தான். ஸ்நேகா, "நான் பாகு போதும்னு சொன்னேன், இவன் இன்னும் கொதிக்கணும்னான்" என்று புகார் சொன்னாள். நாத்தனார்களுக்குத் தங்கள் முறுக்கைவிட மோசமான ஒன்று வந்துவிட்ட சந்தோஷம் தாங்கவில்லை. சபீஹா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

சிரிக்காமல் நின்றது கிரிஜா ஒருத்திதான். அவள் மெல்ல வந்து, வலது கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்துச் சிவந்து, பொட்டுப் பொட்டாகக் கொப்பளித்திருந்தது.

"நேத்து சாயந்திரம் ஆரம்பிச்சது அக்கா. இவங்க ரெண்டு பேரும் முடியலைன்னதும் நான் நின்னேன். விடியக் காலைல மாப்பிள்ளைக்கு எண்ணெ வெச்சாங்க, வெடி வெச்சாங்க. நான் பாக்கலை. ரெண்டாவது சட்டியில நின்னுக்கிட்டு இருந்தேன். கண்ணாரப் பாருன்னு சொன்னீங்க. காதாரத்தான் கேட்டேன். இத்தன வருஷம் நீங்க எப்படிக்கா நின்னீங்க?"

அங்காளம்மாளிடம் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"இப்டித்தான்," என்று தன் கையைத் திருப்பிக் காட்டினாள். பழைய தழும்புகள் கையெல்லாம் வெளுத்துக் கிடந்தன. "வா, குந்து. முகிலா, சித்திக்கு இன்னொரு நாற்காலி போடு. வெண்ணெ இருந்தா கொண்டா, தடவலாம்."

"துக்க வீட்ல வான்னு சொல்லக் கூடாதே?" என்றாள் கிரிஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ இன்னா விருந்தாளியா? பங்காளிதான. உனக்கும்தான் பண்டிகை இல்ல. குந்தி நாஸ்டா பண்ணு."

கிரிஜா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு பேரும் கேட்டோரமாக நாற்காலி போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுப் புஸ்வாணத்துக்குக் கைதட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு அங்காளம்மாள் ஒரு தட்டு எடுத்தாள். உதிர்ந்த முறுக்கு, தாளம் போடுகிற தட்டை, வேர்க்கடலை, சமோசா, நடுவில் நிகிலின் கறுப்பு அதிரசம். கொண்டுபோய் ஏகாம்பரத்தின் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள்.

"தின்னு. இதான் மத்தவங்க கை. இப்ப தெரிதா?"

போட்டோவில் அவர் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். ரெண்டு ஈடு கேட்கிற சிரிப்புதான். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு அதிரசத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு சமோசாவைக் கூடுதலாக வைத்தாள். அவருக்குப் பல் ஏற்கெனவே சரியில்லை.

முகிலன் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தான். "அம்மா, சித்தி குரூப்ல போட்டிருக்காங்க. அடுத்த வருஷம் ஆடியில திவசம் முடிஞ்சிடும், எல்லாரும் பெரிம்மா வீட்லயே கொண்டாடலாம், ஆளுக்கு ஒரு ஈடு போடலாம்னு. என்ன பதில் போடட்டும்?"

அங்காளம்மாள் யோசித்தாள். கால் இன்னும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கு ஒரு ஈடா? மொதல்ல இந்த நாற்காலி கைப்புடிய மாத்தித் தரச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

"சரி. பழைய மெசேஜை அழிச்சுடட்டுமா?"

"எது, பண்டிகை இல்லன்னு போட்டதா? டேய், தொட்ட, கைய ஒடச்சுடுவேன். அப்டியே வெய்யி. அடுத்த வருசமும் தேவப்படும்."

"அடுத்த வருஷம் துக்கம் இருக்காதேம்மா."

"யாரு சொன்னா? எங்க வூட்டு ஆம்பள செத்துட்டாரு. எனுக்கு எப்ப தீருமோ அப்பதான் தீரும்," என்று சொல்லிவிட்டு, அங்காளம்மாள் கடைசி சமோசாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டில் ராக்கெட் வைக்கப் போகிறார்களாம். அதை அவள் இன்னும் பார்த்ததில்லை.